மூன்று-இரண்டு கிளாவேயின் மேல் ஒரு பாட்டைக் கட்டினோம்

நான் நியூயார்க்கில் ஒரு சின்ன சல்சா குழுவில் பியானோ வாசிக்கிறேன். ஏழு பேர். எல்லாருக்கும் பகலில் வேறு வேலை, வார இறுதியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் ஒத்திகை. போன வருடம் முதல்முறையாக நானே ஒரு பாட்டு எழுதிக் கொண்டு போனேன். வாசித்த ஒவ்வொருவரும் அவரவர் பகுதியைச் சரியாகத்தான் வாசித்தோம். ஆனால் சேர்த்து வாசித்தபோது, பார் என்று சொல்லும் நான்கு பீட் அளவில் எட்டுகூடத் தாண்டவில்லை. கொங்கா மேளம் வாசிக்கும் பெரியவர் கையை எடுத்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "குருசாதோ." குறுக்கே போகிறது என்று பொருள். பியானோவும் கிளாவேயும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகின்றன என்றார். அதைச் சரிசெய்ய எனக்கு ஆறு வாரம் ஆனது.

கிளாவே என்பது இரண்டு கட்டைகளின் பெயர். அவற்றைத் தட்டும் அந்த ஐந்து அடிக்கும் அதே பெயர்தான். சல்சாவுக்கு இது கியூபாவின் சோன் இசையிலிருந்து வந்தது. இரண்டு பாருக்கு ஒரு சுற்று. ஒரு பாரில் மூன்று அடி, மற்றதில் இரண்டு. மூன்று முதலில் வந்தால் மூன்று-இரண்டு, இரண்டு முதலில் வந்தால் இரண்டு-மூன்று. இப்படிப் பிரித்துச் சொல்லும் பழக்கம் 1940களில் நியூயார்க்கின் பெரிய நடன இசைக்குழுக்களில், குறிப்பாக மச்சீத்தோவின் குழுவை வழிநடத்திய மரியோ பவுசாவைச் சுற்றி வலுப்பெற்றது. கிளாவே ஒன்றுதான், அதில் முன்பின் என்று எதுவும் இல்லை என்று சொல்லும் கியூபக் கலைஞர்கள் பலர் உண்டு. பாட்டு அந்தச் சுற்றில் எங்கே ஏறுகிறது என்பதுதான் கேள்வி. கடைசியில் எனக்கு வழி காட்டியதும் இந்தப் பார்வைதான்.

எளிமைக்காக ஒவ்வொரு பாரையும் எட்டு இடமாக எண்ணுகிறேன். கால் 1, 3, 5, 7-ல் தட்டும். மூன்று பக்கத்தில் கிளாவே 1, 4, 7-ல் விழும். இரண்டு பக்கத்தில் 3, 5-ல்.

சின்ன வயதில் மிருதங்கம் கற்றவன் நான், அதனால் இதைச் சொல்லாக மாற்றிக்கொண்டேன். மொத்தம் பதினாறு. தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஓர் அடி. ஒரு மாலைக்குள் வாயில் படிந்துவிட்டது. ஆனால் அதே மிருதங்கப் பழக்கம் வேறொரு இடத்தில் என்னைத் தடுத்தது. நமக்கு எல்லாக் கணக்கும் தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து சேர வேண்டும். சமத்தில் இறங்கினால்தான் மனசு அடங்கும். இந்த இசையில் பாஸ் அந்த முதல் பீட்டில் இறங்குவதே இல்லை. அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

முதல் இரண்டு வாரம் பியானோவைத் தொடவில்லை. பாஸ் வாசிப்பவரும் நானும் மட்டும் உட்கார்ந்தோம். மெட்ரோனோம் 120-ல். நான் கிளாவே தட்டுவேன், அவர் தும்பாவ் வாசிப்பார். தும்பாவ் என்பது ஒவ்வொரு பாரிலும் 4-லிலும் 7-லிலும் ஒரு சுரம், அவ்வளவுதான். 7-ல் வரும் சுரம் அடுத்த பாரின் கார்டுக்கு, அதாவது அங்கே சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு உரியது, நீண்டு முதல் பீட்டைத் தாண்டிப் போகும். என் பாட்டின் நான்கு பார் ஏ மைனர், டி மைனர், ஈ செவன், மறுபடி ஏ மைனர். முதல் பாரில் ஏ மைனர் ஒலிக்கும்போது பாஸ் 4-ல் ஈ வாசிக்கும், 7-ல் டி. டி மைனர் அடுத்த பாரில்தான் வரவேண்டும், ஆனால் பாஸ் ஒரு பீட் முன்னாலேயே அங்கே போய் நிற்கிறது. இரண்டாம் பாரில் ஏ, பிறகு ஈ. மூன்றாம் பாரில் பி, பிறகு ஏ. நான்காம் பாரில் ஈ, பிறகு அடுத்த சுற்றுக்கான ஏ.

பாஸ் இரண்டு பாரிலும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறது. ஆனால் கிளாவேயோடு அது உறவாடும் விதம் பாருக்குப் பார் மாறுகிறது. மூன்று பக்கத்தில் அதன் இரண்டு சுரமும் கிளாவேயின் இரண்டாம், மூன்றாம் அடிகளோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு பக்கத்தில் ஒன்றுகூடச் சேர்வதில்லை. கிளாவே 3, 5-ல் தட்ட, பாஸ் அந்த இரண்டுக்கும் நடுவில் 4-ல் நுழைகிறது. ஒரு பார் சேர்ந்து நடக்கிறார்கள், ஒரு பார் மாறி மாறிப் பேசுகிறார்கள். இது காதில் விழும்வரை தட்டிக்கொண்டே இருந்தோம். விழுந்த பிறகு எந்தப் பார் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

கொங்கா சேர்ந்தது அதிகம் தொல்லை தரவில்லை. பெரியவருக்கு இது ஐம்பது வருடப் பழக்கம். 3-ல் பளீரென்று ஓர் அறை, 7, 8-ல் இரண்டு திறந்த அடி. இடையில் இடது கை சத்தமில்லாமல் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதுவும் எல்லாப் பாரிலும் ஒன்றுதான். ஆனால் மூன்று பக்கம் வரும்போது மட்டும் பக்கத்திலிருக்கும் தும்பா என்ற பெரிய மேளத்தில் 4-ல் ஓர் அடி போடுவார். அந்த இடத்துக்குப் போம்போ என்று பெயர். பாஸ், கிளாவே, தும்பா மூன்றும் அங்கே சேரும்போது தரையே அதிரும். கிளாவேயை நிறுத்திவிட்டாலும் அந்த ஓர் அடியை வைத்தே மூன்று பக்கம் எது என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் என் பியானோ. மொந்தூனோ என்று சொல்லும் அந்தத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில்தான் தவறு இருந்தது. அதற்கும் இரண்டு பார். ஒரு பார் முழுக்கக் காலுக்கு எதிராக வரும்: 2, 4, 6, 8. மற்றது காலோடு தொடங்கும்: 1, 3, பிறகு 4, 6, 8. நான் பயிற்சி செய்த பாடங்கள் எல்லாம் இரண்டு-மூன்றில் எழுதப்பட்டவை, அவற்றில் காலோடு தொடங்கும் பார்தான் முதலில் வரும். கை அப்படியே பழகிவிட்டது. மூன்று-இரண்டு பாட்டிலும் அதே பாரை முதலில் வைத்துவிட்டேன்.

சரியான அமைப்பை எழுதிப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. இடது பக்கம் மூன்று, வலது பக்கம் இரண்டு:

```
● · · ● · · ● · | · · ● · ● · · ·   கிளாவே
· · · ● · · ● · | · · · ● · · ● ·   பாஸ்
· ● · ● · ● · ● | ● · ● ● · ● · ●   பியானோ
· · ● · · · ● ● | · · ● · · · ● ●   கொங்கா
```

மூன்று பக்கத்தின் முதல் பீட்டைப் பாருங்கள். கிளாவே மட்டும் தனியாக அடிக்கிறது, வேறு யாரும் அங்கே இல்லை. இரண்டு பக்கத்தின் முதல் பீட்டில் கிளாவே இல்லை, பியானோ மட்டும் இறங்குகிறது. அடுத்து 3-ல் பியானோ, கிளாவே, கொங்காவின் அறை மூன்றும் ஒன்றாக விழுகின்றன. நான் பார்களை மாற்றி வைத்தபோது என்ன ஆனது? மூன்று பக்கத்தில் 1-லும் 3-லும் பியானோ அழுத்தியது. 1-ல் அது கிளாவேயின் மேலேயே உட்கார்ந்தது. 3-ல் விழுந்த அழுத்தம், அடுத்த அரை பீட்டில் வரவேண்டிய போம்போவின் வலுவை முன்கூட்டியே எடுத்துவிட்டது. இரண்டு பக்கத்திலோ, கிளாவே 3, 5-ல் நேராகத் தட்ட, பியானோ ஒரு இடத்தில்கூட அதைத் தொடாமல் 2, 4, 6, 8 என்று விலகி ஓடியது. தனியாகக் கேட்டால் பிழை தெரியாது. சேர்த்துக் கேட்டால், ஆடுகிறவர் கால் வைக்கும் நேரத்தில் தரை ஓர் அங்குலம் நகர்ந்தது போலிருக்கும்.

கையை மாற்றிப் பழக்க மூன்று வாரம் பிடித்தது. இடது கையில் கிளாவேயை மேஜையில் தட்டிக்கொண்டு வலது கையில் மட்டும் மொந்தூனோ. எதிர்ப் பாரில் தொடங்குவதுதான் கடினம், ஏனென்றால் பிடித்துக்கொள்ள முதல் பீட்டு இல்லை. நான் கண்ட வழி, பாட்டின் முதல் சுற்றுக்கு மட்டும் 1-ல் ஒரு கார்டு போட்டு ஏறிக்கொள்வது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு கார்டு மாறும் இடம். பாஸ் 7-ல் புதிய கார்டுக்குப் போகிறது, பியானோ 8-ல் போக வேண்டும். நான் அடுத்த பார் வரட்டும் என்று காத்திருந்தேன். அதனால் பாஸ் டி-க்குப் போன பிறகும் என் கையில் ஏ மைனர் ஒலித்து, ஒவ்வொரு பார் முடிவிலும் ஒரு கரகரப்பு. 8-லேயே மாறிய அன்று அது நின்றது.

இனி எல்லாம் சரி என்று 180 வேகத்துக்கு ஏறினோம். சரணம் நன்றாகப் போனது. பல்லவி தொடங்கியதும் மறுபடி குருசாதோ.

பாடுகிறவருக்கு மூச்சு வேண்டும் என்று சரணத்தின் பதினாறு பாருக்குப் பிறகு நான் ஒரு பார் இடைவெளி எழுதியிருந்தேன். மொத்தம் பதினேழு. கிளாவே யாருக்காகவும் நிற்காது, திரும்பாது. பதினேழாவது பார் மூன்று பக்கம், ஆகவே பல்லவி தொடங்குவது இரண்டு பக்கத்தில். நானோ புதிய பகுதி என்பதால் பழையபடி எதிர்ப் பாரிலிருந்து தொடங்கினேன். கிளாவே தட்டுபவர் சரியாக இருந்தார், நான்தான் மாறவேண்டியிருந்தது. நல்லவேளையாகப் பல்லவியின் மெட்டு முதல் பீட்டிலேயே அழுத்தமாக இறங்கும் மெட்டு, இரண்டு பக்கத்தில்தான் அது இயல்பாக உட்காரும். அது எதிர்ப் பீட்டில் நடக்கும் மெட்டாக இருந்திருந்தால் அந்த ஒற்றைப் பாரை எடுத்திருப்பேன், அல்லது இன்னொன்று சேர்த்திருப்பேன். கிளாவேயைத் திருப்பச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டேன்.

ஆக, அந்தப் பதினேழாவது பாரை இப்படி ஆக்கினோம்: எல்லாரும் நிறுத்தி, கிளாவேயோடு சேர்ந்து 1, 4, 7-ல் மூன்று அடி. உடனே பல்லவி, என் கை காலோடு தொடங்கும் பாரில். சரணத்துக்குத் திரும்பிப் போவதில்லை என்றும் முடிவு செய்தோம். பல்லவிக்கு வந்த பிறகு அங்கேயே இருந்து முடியும் சல்சாப் பாட்டுகள் ஏராளம், திரும்புவதற்கு இன்னொரு ஒற்றைப் பார் தேட வேண்டாம்.

கடைசி வாரம் பெரியவர் ஒரு சோதனை வைத்தார். கிளாவே இல்லாமல் பாட்டைப் பதிவு செய்தோம். ஒத்திகைக்கு அன்றைக்கு வந்திருந்த, ஆட மட்டும் தெரிந்த ஒரு நண்பரிடம் அதைப் போட்டுக் காட்டி, கிளாவே எங்கே விழும் என்று கைதட்டச் சொன்னோம். சரணம் முழுக்கச் சரியாகத் தட்டினார். இடைவெளியிலும் தவறவில்லை, பல்லவிக்குள்ளும் போய்விட்டார். பல்லவியின் ஒன்பதாவது பாரில் மட்டும் கை தயங்கியது. அங்கே பாஸ் வாசிப்பவர் ஆசையாக ஓர் அலங்காரம் சேர்த்திருந்தார், இரண்டு பக்கத்தில் 1, 4, 7 என்று மூன்று சுரம். அதை அடுத்த பாருக்கு நகர்த்தினார். மறுபடி பதிவு செய்தோம், நண்பரின் கை நிற்கவில்லை.