சுவரில் சாய்ந்து பார்த்து வாங்கிய கோட்

சிங்கப்பூரில் உள்ள ஒரு தணிக்கை நிறுவனத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, நான் பட்டம் வாங்கி ஐந்து மாதமாகச் சுங்கை சிப்புட்டில் அம்மாவின் வீட்டில் சும்மா இருந்தேன். கடிதத்தின் கடைசி வரி, முழு அலுவலக உடையில் வர வேண்டும் என்றது. கோட்டும் டையும் என்று பொருள். எங்கள் தோட்டத்தில் கோட் போட்டவர்களை நான் இரண்டு இடங்களில்தான் பார்த்திருக்கிறேன்: கல்யாண மேடையில் மாப்பிள்ளை, ஆபீஸ் சுவரில் மாட்டிய பழைய படத்தில் பெரிய கிராணி.

அம்மா அந்த மாதம் எடுத்த கூட்டுப் பணத்திலிருந்து 600 வெள்ளி கொடுத்தார். பஸ், ஒரு இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் அதில்தான். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பதால், பயணத்துக்குப் பாதியை ஒதுக்கிவிட்டேன். உடைக்கு மீதி 300. இந்த 300 எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு 50 வெள்ளி செலவானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈப்போவில் ஒரு பேரங்காடிக் கடைக்குப் போனேன். கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் சேர்த்து 199 வெள்ளி. போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். இடுப்பில் ஒட்டி, மார்பில் சரியாக உட்கார்ந்து, என்னை நானே அடையாளம் தெரியாத அளவுக்கு நன்றாக இருந்தது. 50 வெள்ளி முன்பணம் கட்டினேன். கழற்றும்போதுதான் முதுகில் ஏதோ குத்தியது. விற்பவர் பின்பக்கத் துணியை இழுத்து இரண்டு கவ்விகளைப் போட்டிருந்தார். கவ்வியை எடுத்ததும் கோட் என் தோளிலிருந்து இரண்டு விரல் கீழே வழிந்தது. முன்பணம் திரும்பாது, வேறு பொருள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். என் அளவுக்கு அங்கே எதுவும் இல்லை. கண்ணாடியை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்ப்பது நல்லது.

திரும்பி வந்து எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் தையல்கார மாமாவிடம் புலம்பினேன். தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. கடை முழுக்கப் பிள்ளைகளின் சட்டைத் துணிகள். மாமா தலையைத் தூக்காமலே கேட்டார்: "தோள் எங்கே முடிந்தது?"

எனக்குப் புரியவில்லை. எழுந்து வந்து தன் பழைய கோட் ஒன்றை எனக்குப் போட்டுவிட்டு, சுவருக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லி, மெதுவாகச் சுவரில் சாயச் சொன்னார். "எது முதலில் சுவரில் படுகிறது? உன் கையா, கோட்டின் தோளுக்குள் வைத்த பஞ்சா?" பஞ்சுதான் பட்டது. அப்படியானால் கோட் பெரியது. கையும் பஞ்சும் ஒன்றாகப் பட்டால் அளவு சரி. பஞ்சு உள்ளே தங்கி, தோளுக்குக் கீழே கோட்டின் கை புடைத்துக்கொண்டு நின்றால் சிறியது.

மற்றதையெல்லாம் ஊர்த் தையல்காரர் சரிசெய்துவிடுவார். கோட்டின் கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், கால்சட்டையின் நீளத்தை வெட்டலாம். தோளைத் தொட வேண்டுமானால் கையைக் கழற்றி, பஞ்சை எடுத்து, கழுத்துப் பட்டை வரைக்கும் பிரிக்க வேண்டும். அந்தக் கூலிக்கு இன்னொரு கோட் வாங்கிவிடலாம். கோட்டின் நீளமும் அப்படித்தான். கீழே வெட்டினால் பைகள் ஓரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே தோளும் நீளமும் சரியாக இருக்கிற கோட்டைத் தேடு, மற்றதற்கு என்னிடம் வா என்றார்.

எங்கே தேடுவது என்பதையும் அவரே சொன்னார். பண்டல் கடை. பழைய துணிக் கடை என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் நாட்டுப் பண்டல் கடைகளுக்கு ஜப்பானிலிருந்து நிறைய மூட்டைகள் வருகின்றன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் கோட் போடுகிறவர்கள். உடல்வாகும் நமக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

அந்தக் கோட்டுகளின் உள்பையில் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். அதில் 'ஏ5', 'ஒய்6', 'ஏபி4' என்று போட்டிருப்பார்கள். எழுத்து உடல்வாகு, எண் உயரம். 4 என்றால் 165 சென்டிமீட்டர், 5 என்றால் 170, 6 என்றால் 175. 'ஒய்' என்பது மார்பு அகலமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருப்பவருக்கு. 'ஏ' நடுத்தரம், மார்புக்கும் இடுப்புக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். 'ஏபி' இடுப்பு சற்றுப் பெருத்தவருக்கு. நான் 171, ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. ஆகவே 'ஏ5' தேடினேன். இருநூறு கோட்டுகள் தொங்கும் கம்பியில் சீட்டைப் பார்த்தே தள்ளிக்கொண்டு போனதில் அரை மணி நேரத்தில் நான்கு கிடைத்தன.

அந்த நான்கில் இரண்டுக்குக் கால்சட்டை இல்லை. வேறு கால்சட்டையை இணை சேர்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். சேராது. விளக்கு வெளிச்சத்தில் ஒரே கறுப்பாகத் தெரிகிற இரண்டு துணிகள் வெயிலில் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் காட்டும். மூன்றாவதன் மார்புப் பகுதியில் துணி கொப்புளம் போல எழும்பியிருந்தது. உள்ளே ஒட்டிய விறைப்புத் துணி பசை விட்டால் அப்படி ஆகும். தண்ணீரில் துவைத்த கோட்டுகளுக்கு அடிக்கடி வரும் நோய் அது. இஸ்திரி போட்டாலும் மறுபடி எழும்பிவிடும்.

நான்காவது கரிச்சாம்பல் நிறம். கால்சட்டையின் பின்புறம் உட்கார்ந்து உட்கார்ந்து பளபளத்திருக்கவில்லை. கடைவாசலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், பூச்சி அரித்த ஓட்டை ஒன்றுகூட இல்லை. 70 வெள்ளி. உள்பைக்கு மேலே யாரோ ஒரு ஜப்பானியரின் குடும்பப் பெயர் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அந்த மனிதரின் தோளும் என் தோளும் ஒரே அளவு என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. கடைச் சுவரில் சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

மாமா கோட்டைக் கையில் வாங்கவே மறுத்தார். முதலில் டோபியில் உலர்சலவை, பிறகுதான் தையல். அழுக்குத் துணியில் ஊசி போட்டால் அழுக்கு தையலோடு தங்கிவிடும், சலவையில் துணி கொஞ்சம் சுருங்கினால் எடுத்த அளவும் தப்பிவிடும் என்பது அவர் கணக்கு. சலவைக்கு 25 வெள்ளி.

சுத்தமாகி வந்த கால்சட்டையின் உள்தையலை ஒட்டிய துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டினார். நூல் சுருண்டு, கடையில் முடி கருகிய நாற்றம் பரவியது. விரலால் நசுக்கினார், கறுப்புச் சாம்பலாக உதிர்ந்தது. பிறகு தரையில் கிடந்த பாலியெஸ்டர் துண்டு ஒன்றைக் கொளுத்தினார். அது உருகி, ஆறியதும் மிளகு போல உருண்டு இறுகியது. "உன்னுடையது கம்பளி. வியர்வையைத் தாங்கும், கசங்கினாலும் தொங்கவிட்டால் விரியும்" என்றார். சீட்டிலும் அதைப் பார்க்கலாம். குறுக்கே மூன்று கோடு, அதை வெட்டிக்கொண்டு இறங்கி வலப்பக்கம் வளையும் ஒரு வால், இப்படி ஓர் எழுத்தும் பக்கத்தில் 100 என்ற எண்ணும் இருந்தால் முழுக் கம்பளி.

தையல் வேலை மூன்று. கோட்டின் கையை மணிக்கட்டு எலும்பு வரை குறைத்தார். உள்ளே போடும் சட்டையின் ஓரம் அரை அங்குலம் தெரிய வேண்டும் என்பதற்காக, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லித்தான் அளவெடுத்தார். கையில் இருக்கும் பொத்தான்களுக்கு உண்மையான துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார். துளை வெட்டியிருந்தால் கீழேயிருந்து குறைக்க முடியாதாம். எனக்கு வெறும் தையல் கோடுதான், தப்பித்தேன். கால்சட்டை இடுப்பைப் பின்தையலில் ஒரு அங்குலம் பிடித்தார். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் நெருங்கிவந்து பார்க்கவே விகாரமாகிவிடும். பிறகு கால் நீளம். மொத்தம் 65 வெள்ளி. பெயரைப் பிரித்துவிடவா என்று கேட்டார். பிரித்தால் உள்துணியில் ஊசித் துளைகள் தெரியும் என்றும் அவரே சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

சட்டை 45. டை பக்கத்து வீட்டு அண்ணனுடையது. கல்லூரிக் காலத்துக் கறுப்புக் காலணிக்கு 6 வெள்ளிக்குப் பாலிஷ். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அம்மாதான், உடுத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டு என்றார். சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோட்டின் பொத்தானை அவிழ்க்காமல் உட்கார்ந்ததால் கழுத்துப் பட்டை காதுவரை ஏறியது. கால்சட்டை மேலே போய், கறுப்புக் காலணிக்கு மேல் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறை பளிச்சென்று தெரிந்தது. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிரவே பாசார் மாலாமில் முழங்கால்வரை ஏறும் கறுப்புக் காலுறை, 5 வெள்ளி. நின்று பார்ப்பது மட்டும் போதாது. நேர்காணலில் நாம் நிற்கிற நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

முன்பணத்தில் போனதையும் சேர்த்தால் 266 வெள்ளி ஆகியிருந்தது.

ஈப்போ அமான்ஜெயா நிலையத்திலிருந்து இரவு பஸ். கோட்டைப் போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு தோளை உட்புறமாகத் திருப்பி, மற்றத் தோளை அதற்குள் நுழைத்து, நீளவாக்கில் மடித்துப் பையின் மேல் வைத்தேன். உள்துணி வெளியே இருப்பதால் அழுக்குப் படாது. துவாஸ் சோதனைச் சாவடியில் எல்லாரும் பையோடு இறங்க வேண்டும், பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும். பின்னால் வந்த ஒருவரின் அரிசி மூட்டை என் பையின் மேல் சாய்ந்து கிடந்தது. அறைக்குப் போய்க் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் கோட்டைக் கால் மணி நேரம் தொங்கவிட்டேன். சுருக்கம் பெரும்பாலும் போய்விட்டது. கால்சட்டைக்கு மட்டும் ஈரக் கைக்குட்டையை மேலே விரித்து இஸ்திரி போட்டேன். கம்பளியில் நேரடியாகச் சூடு வைத்தால் அந்த இடம் மினுங்கத் தொடங்கிவிடும்.

நிறுவனக் கட்டடத்தின் கழிப்பறையில்தான் கோட்டை அணிந்தேன். அதற்கு முன் போட்டிருந்தால் ரயிலடியிலிருந்து நடந்த பத்து நிமிடத்தில் நனைந்திருப்பேன். உள்ளே குளிர்சாதனம் கடுமையாக இருந்ததால், கோட் இருந்தது வசதியாகவே போயிற்று. நேர்காணலில் தேய்மானக் கணக்கில் ஒரு கேள்விக்குத் தடுமாறினேன். அந்த வேலை கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, அதே கோட்டில், அங்கேயே வேறொரு நிறுவனத்தில் கிடைத்தது.

போன வாரம் சித்தி மகன் வந்தான். அவனுக்கும் சிங்கப்பூரில் நேர்காணலாம், கோட்டைக் கொடு அண்ணா என்றான். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றான். நான் அவனைச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போனேன். பஞ்சுதான் முதலில் பட்டது. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, பண்டல் கடைக்கு எந்தப் பஸ் போகும் என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு 'ஒய்4' சரியாக இருக்கும்.