அது எட்டா, மூன்றா?

தம்பி அன்று கேட்டது ஒரே கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் வகுப்பில், மாணவி ஒருத்தி கைப்பேசியில் அனுப்பிய திறனறித் தேர்வு அட்டவணையின் படம் அது. ஐந்து தொழிற்சாலைகள், இரண்டு ஆண்டுகளின் உற்பத்தி. தாளின் மடிப்பு முதல் தொழிற்சாலையின் இரண்டாம் ஆண்டு எண்ணின்மேல் விழுந்திருந்தது. நான் 330 என்று படித்தேன். முதலாண்டு 300. ஆக, உயர்வு 10 விழுக்காடு.

"அக்கா, அது எட்டு மாதிரி தெரிகிறதே?" என்றான் தம்பி.

"விடைகளில் 10 இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்றேன்.

இதில் அவ்வளவு தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. போட்ட கணக்கு விடைகளுள் ஒன்றோடு பொருந்தினால் யாரும் நிம்மதியாகத்தான் மேலே போவார்கள். ஆனால் கேள்வி எடுப்பவர் தவறான விடைகளைச் சும்மா தூவுவதில்லை. மாணவர் எங்கே சறுக்குவார் என்று பார்த்துத்தான் வைக்கிறார். அந்த 10, அடுத்த வரிசையின் உயர்வு: 400 இலிருந்து 440. வரிசை மாறிப் படிப்பவருக்காக விரித்த வலையில், இலக்கத்தை மாற்றிப் படித்த நான் போய் விழுந்தேன்.

அடுத்த கேள்வி, அதே தொழிற்சாலைக்கு இரண்டாம் ஆண்டு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பது. அச்சிட்ட மொத்தம் 2000. 330ஐ அதால் வகுத்தால் 16.5 வருகிறது, விடைகளில் அது இல்லை. அப்போதாவது நான் நின்றிருக்க வேண்டும். "கேள்வியிலேயே அச்சுப் பிழை" என்றேன், அதுவும் உரக்க.

தம்பி வாதாடவில்லை. ஒரு காகிதத்தில் அந்த ஆண்டின் எண்களைக் கூட்டினான்: 330, 440, 290, 520, 370. வந்தது 1950. சரியாக 50 குறைகிறது. பத்தாம் இடத்து மூன்றை எட்டாக்கினால் அந்த 50 கிடைத்துவிடும். எண் 380. உயர்வு 80, அதை 300ஆல் வகுத்தால் 26.7 விழுக்காடு. பங்கு 19 விழுக்காடு. இரண்டும் விடைகளில் இருந்தன. 380ஆல் வகுப்பவருக்கென்று 21.1 என்ற விடையும் பக்கத்திலேயே காத்திருந்தது.

அதற்குள் மாணவி என்னுடைய 10ஐ எழுதிக்கொண்டு போயிருந்தாள். மறுநாள் திருத்திச் சொன்னேன். சிரித்தாள், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் படமாக வரும் அட்டவணை என்றால், விழுக்காட்டைத் தொடுவதற்கு முன் வரிசைகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுகிறேன். பிறகு ஒவ்வொரு விடையையும் திருப்பிப் பெருக்கிப் பார்க்கிறேன். தேர்வில் தெளிவான தாளோடு உட்காரும் பிள்ளைகளுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்றும் தோன்றுகிறது. ஆகவே இதை அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. அது சரியா என்று தெரியவில்லை. தம்பி என்னைவிட வயதில் மூத்தவனாக இருந்திருந்தால் அன்றே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பேனோ?

போன வாரம் இந்தக் கூட்டல் முறையைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். தம்பி தே தாரிக்கை ஆற்றியபடி கேட்டான்: "அந்த 2000மும் அதே படத்தில்தானே அக்கா இருந்தது?"