சிபிம் இரண்டாம் முயற்சி: ஒரு பேலட் சொல்லிக்கொடுத்தது

உற்பத்தித் திட்டமிடல், சரக்கு இருப்பு மேலாண்மைக்கான சிபிம் சான்றிதழ் தேர்வில் போன வாரம் 312 எடுத்துத் தேறிவிட்டேன். முதல் முறை 286. பதினான்கு மதிப்பெண்ணில் போனது, அதிலும் சறுக்கியது இருப்புப் பகுதியில். தினமும் கையில் பிடிக்கிற வேலைதானே என்று அதைத்தான் குறைவாகப் படித்திருந்தேன்.

பெங்களூருக்கு வெளியே நெலமங்கலம் பக்கம் ஒரு கிடங்கில் இரவு சூப்பர்வைசராக இருக்கிறேன். கடைசி லாரி கிளம்பிய பிறகு, விடியற்காலை மூன்றிலிருந்து நாலரை வரை படிப்பேன். பகலில் படிக்கச் சொல்பவர்கள் பேச்சை இரவு ஷிப்ட் ஆட்கள் கேட்க வேண்டாம். தூக்கமும் கெடும், படிப்பும் ஏறாது.

என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு எண்ணம்தான். சரக்கைப் பகுதி பகுதியாக அவ்வப்போது எண்ணும் சைக்கிள் கவுண்ட் எதற்கு என்று கேட்டால், கணக்கைச் சரிசெய்ய என்று என் கை தானாகப் போகும். வேலையிலும் அதையே செய்தேன். எண்ணுவோம், மூன்று பெட்டி குறையும், மறுபடி எண்ணுவோம், அப்புறம் அட்ஜஸ்ட்மென்ட் போட்டுக் கையெழுத்து வைப்பேன். ஐந்து மாதத்தில் இப்படி 70 பெட்டிகளைக் கழித்திருந்தேன். பழி லோடிங்கில் இருந்த ஒரு தர்மபுரி அண்ணன் மேல் விழுந்தது. அவரை வாசல் கேட் வேலைக்கு மாற்றினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

தோற்ற பிறகு அந்தப் பாடத்தை நிதானமாகப் படித்தேன். எண்ணுவதன் முதல் நோக்கம் பிழையின் காரணத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பது. எண்ணைத் திருத்துவது அதற்குப் பிறகுதான். அன்றிரவே தேங்காய் எண்ணெயில் மூன்று பெட்டி குறைந்தது. இந்த முறை கையெழுத்துப் போடவில்லை.

யோசித்தபோது ஒன்று உறைத்தது. எங்கள் கவுண்ட் பட்டியலில் சிஸ்டம் சரக்கு இருப்பதாகக் காட்டும் இடங்கள் மட்டுமே வரும். காலி என்று பதிவான இடத்துக்கு யாரையும் அது அனுப்பாது. அதனால் பட்டியலை வைத்துவிட்டு, சி வரிசையில் கண்ணில் படுவதை எல்லாம் ஸ்கேன் செய்துகொண்டே நடந்தேன். தரையில் இருப்பது திரையில் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை.

`C-22-01`. திரையில் இருப்பு 0, இடம் பிளாக். எதிரே பேலட் நிறையப் பெட்டிகள், மேலே தரச்சோதனையின் சிவப்பு அட்டை. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். சிவப்பு அட்டை தொங்கினால் அது தரச்சோதனை ஆட்களின் சரக்கு என்று எல்லோரும் விலகிப் போவோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதில் இருந்தது பழைய தேதி, எப்போதோ போன வேறு சரக்கின் பெயர்.

பெட்டிகளை இறக்கி எண்ணினேன். 61 பெட்டி, 17 வகை. ஒவ்வொன்றிலும் அனுப்பும் லேபிள் இருந்தது, வேறு வேறு தேதிகளில். அவற்றை பில்லில் ரத்தான சரக்குப் பதிவுகளோடு வைத்துப் பார்த்ததும் கதை வெளியே வந்தது. ஃபோர்க்லிஃப்ட் இடித்து அந்த ரேக்கின் தூண் வளைந்தபோது இடத்தை பிளாக் செய்தார்கள். தூணை மாற்றிய பிறகு பிளாக்கை யாரும் எடுக்கவில்லை. லாரியில் ஏறாமல் மிஞ்சும் பெட்டிகளுக்கு பில்லில் உள்ள பதிவை ஆபீசில் ரத்து செய்வார்கள். சிஸ்டம் உடனே அவற்றை முதலில் எடுத்த பழைய இடத்தின் கணக்கில் சேர்த்துவிடும். ஆனால் பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பது யார் பொறுப்பு என்று எழுதப்படவில்லை. பகல் ஷிப்ட் ஆள் லாரியில் ஏற்றும் டாக் பக்கத்தில் கிடைத்த காலி இடத்தில் வைத்தார். அதனால்தான் ஒரே நாளில் பெரிதாகக் குறையாமல், இங்கே இரண்டு அங்கே மூன்று என்று மாதக்கணக்கில் குறைந்தது.

தேர்வுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள:

- வித்தியாசம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்வியில், உடனே கணக்கைத் திருத்தும் விடையை அடித்துவிடுங்கள். மறு எண்ணிக்கை, பக்கத்து இடங்கள், முடியாமல் நிற்கும் பரிவர்த்தனைகள், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.
- பதிவிலிருந்து தரைக்குப் போய் எண்ணினால் இல்லாத சரக்கு தெரியும். பதிவில் இல்லாத சரக்கு தெரிய, தரையிலிருந்து பதிவுக்கு வர வேண்டும்.
- சரக்கை முக்கியத்துவப்படி பிரிக்கும் ஏ, பி, சி வகைப்பாடு எதை எத்தனை முறை எண்ணுவது என்று சொல்லும். காலி இடங்களை அது பார்க்காது.
- சூத்திரங்களுக்கு நான் ஒரு வாரம்தான் கொடுத்தேன். கணக்கில் தடுமாறுபவர்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

மறுநாள் கேட்டில் அந்த அண்ணனிடம் சொன்னேன். "சார், வண்டியில ஏறாத பெட்டிய நாங்க டாக்லதான் விட்டுட்டுப் போவோம். அது அப்புறம் எங்க போகுதுன்னு யாருமே கேட்டதில்லையே," என்றார். அவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை.

இப்போது அவர் லோடிங்குக்குத் திரும்பிவிட்டார். 70-இல் 61 கிடைத்தது. மீதி ஒன்பது பெட்டிகளுக்குக் காரணம் தெரியாது. அந்த ஒன்பதின் கணக்குத் தாளை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.