பெஸ்டல் பட்டியலில் விடுபடுபவை: எத்தியோப்பியாவை முன்வைத்து

புதிய நாடொன்றில் தொழிற்சாலை தொடங்க எண்ணும் நிறுவனங்கள் தயாரிக்கும் பெஸ்டல் பகுப்பாய்வு வரைவுகளைப் படித்துத் திருத்தம் சொல்வது என் பணியின் ஒரு பகுதி. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் ஆகிய ஆறு தலைப்புகளின்கீழ், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணிகளைத் திரட்டுவதே இந்த முறை. தலைப்புகள் எளிமையானவை என்பதால், ஒவ்வொன்றின்கீழும் நான்கைந்து வரிகளை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த வரிகள் எங்கெல்லாம் தவறுகின்றன என்பதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவை, எத்தியோப்பியாவில் தையல் ஆலை அமைப்பது பற்றி யோசித்த பின்னலாடை ஏற்றுமதியாளர்களின் வரைவுகள்.

எத்தியோப்பியா அவர்களை ஈர்த்ததற்கு வலுவான காரணங்கள் இருந்தன. தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே உள்ள ஹவாசாவில் 2016இல் ஒரு பெரிய ஆடைத் தொழில் பூங்கா திறக்கப்பட்டது. தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அமெரிக்கா 2000இல் இயற்றிய ‘அகோவா’ என்ற சட்டத்தின்கீழ், எத்தியோப்பியாவில் தைத்த ஆடை அமெரிக்காவுக்குள் இறக்குமதி வரியின்றி நுழைய முடிந்தது. துணி வேறு நாட்டில் நெய்யப்பட்டிருந்தாலும் அந்தச் சலுகை இருந்தது.

இந்த ஒரு சலுகையை வரைவுகள் கையாண்ட விதத்திலேயே முக்கியமான பிழைகள் எல்லாம் அடங்கியிருந்தன. பொருளாதாரத் தலைப்பின்கீழ் ‘அமெரிக்கச் சந்தையில் வரி விலக்கு’ என்று ஒரு வரி இருக்கும். சட்டத்தின்கீழ் ‘அகோவா தகுதி உண்டு’ என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டும்போது ஒரே வாய்ப்பு இரண்டு முறை எண்ணப்பட்டு, நாட்டின் மொத்த மதிப்பெண் உண்மைக்கு மேலே போய்விடுகிறது. ஒரு காரணி எந்தத் தலைப்பின்கீழ் வரவேண்டும் என்ற வாதத்தில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. ஏதேனும் ஓரிடத்தில், ஒரே ஒரு முறை வந்தால் போதும்.

இதைவிடப் பெரிய பிழை வேறொன்று. அகோவா எத்தியோப்பிய அரசு தரும் சலுகை அன்று, அமெரிக்கா தருவது. ஒரு நாடு அதற்குத் தகுதி உடையதா என்பதை அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் பரிசீலிக்கிறார். மனித உரிமை மீறல் தகுதியிழப்புக்கான காரணங்களில் ஒன்று என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வரைவு எழுதியவர்களோ ‘புதிய நாட்டின் புறக்காரணிகள்’ என்பதை அந்த நாட்டின் எல்லைக்குள் இருப்பவை என்று புரிந்துகொண்டு, அடிஸ் அபாபாவின் கொள்கைகளை மட்டுமே ஆராய்ந்திருந்தார்கள். கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவின் சரக்குப் போக்குவரத்தில் மிகப் பெரும்பகுதி நடப்பது ஜிபூட்டி துறைமுகத்தின் வழியாக. அந்தத் துறைமுகமும் பல வரைவுகளில் இல்லை. நிறுவனத்துக்கு வெளியே உள்ளது எதுவும் புறக்காரணிதான், அது எந்த நாட்டில் இருந்தாலும்.

பிறகு நடந்ததை ஒரு வரிசையாகப் பார்க்கலாம். 2020 நவம்பரில் டிக்ரே பகுதியில் போர் தொடங்கியது. ஹவாசா அங்கிருந்து வெகுதொலைவில் நாட்டின் தெற்கே இருப்பதால், ‘வடக்கில் மோதல், ஆலைக்குப் பாதிப்பில்லை’ என்று எழுதுவது இயல்பாகவே தோன்றும். ஆனால் 2021 நவம்பரில், அந்தப் போரில் நடந்த மனித உரிமை மீறல்களைக் காட்டி, எத்தியோப்பியாவின் தகுதியை நீக்கப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. அதே மாதத்தில், ஹவாசாவில் சொந்த ஆலை நடத்திவந்த பிவிஎச் என்ற அமெரிக்க நிறுவனம் அதை மூடுவதாகச் சொன்னது. 2022 ஜனவரி 1 முதல் சலுகை நின்றது. போரின் பாதிப்பு ஹவாசாவுக்குச் சாலை வழியே வரவில்லை, வாஷிங்டன் வழியே வந்தது. ‘அரசியல் நிலையின்மை’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இந்தத் தொடர்பைக் கண்டிருக்க முடியாது. ஆகவே, எந்த நிகழ்வு, யாருடைய முடிவின் மூலம், நம் கணக்கில் எந்தத் தொகையைத் தொடும் என்று முழு வாக்கியமாக எழுதும்படி வலியுறுத்துகிறேன்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். கப்பலேற்றும் விலையாக 2 டாலர் பெறும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். சலுகை இல்லாதபோது, பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் வழக்கமான வரி 16.5 சதவீதம், அதாவது 33 சென்ட். அதே விலையுள்ள செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம், அதாவது 64 சென்ட். வரியைச் செலுத்துபவர் இறக்குமதியாளர்தான் என்றாலும், அடுத்த ஆர்டர் பேசும்போது அந்தச் சுமையை விலைக் குறைப்பாகத் தயாரிப்பாளரிடம் தள்ளப் பார்ப்பார். ஆக, ஒரே காரணி பருத்தி தைப்பவருக்கு ஒரு மடங்கு, செயற்கை இழை தைப்பவருக்கு ஏறக்குறைய இரு மடங்கு; ஐரோப்பாவுக்கு மட்டும் அனுப்புபவருக்கு நேரடிப் பாதிப்பே இல்லை. இன்னொரு நிறுவனத்தின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

நாடு முழுவதற்குமான சராசரியை எழுதுவதும் அடிக்கடி காணும் குறை. ஹவாசா அமைந்திருக்கும் சிடாமா பகுதி தனி மாநிலத் தகுதி கேட்டதையொட்டி 2019 ஜூலையில் அங்கே கலவரம் மூண்டது. நவம்பரில் பொது வாக்கெடுப்பு நடந்து, 2020இல் சிடாமா தனி மாநிலமானது. ஆலைக்குத் தொழிலாளர் வருவதும், நிலமும் உள்ளூர் நிர்வாகமும் யார் கையில் என்பதும் இதைப் பொறுத்தவை. ‘எத்தியோப்பியா: அரசியல்’ என்ற அளவில் எழுதிய வரைவுகளில் சிடாமா என்ற பெயரே இருக்காது.

ஊதியத்தைப் பற்றிய வரி எனக்கு எப்போதும் கவலை தருவது. 2019 வாக்கில் ஹவாசா பூங்காவில் அடிப்படைச் சம்பளம் மாதம் சுமார் 26 டாலராக இருந்தது. வரைவுகள் இதைப் பொருளாதார வாய்ப்பாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். கிராமத்திலிருந்து வரும் ஓர் இளம்பெண் அந்தப் பணத்தில் ஹவாசாவில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்ப முடியுமா என்ற கேள்வி சமூகத் தலைப்பின்கீழ் இருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதில்லை. முடியாதபோது அவர் வேலையை விட்டுப் போகிறார், ஆலை மீண்டும் புதியவருக்குப் பயிற்சி தருகிறது, தையல் வரிசையின் உற்பத்தித் திறன் உயர்வதே இல்லை. இந்தப் பூங்காவில் பலர் எதிர்கொண்ட சிக்கல் இது. 2024 ஜூலையில் எத்தியோப்பிய அரசு தன் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்க விட்டதும் அது வேகமாகச் சரிந்தது. டாலர் கணக்கில் கூலி குறைகிறது என்று ஏற்றுமதியாளர் மகிழலாம். ஆனால் உணவு விலை ஏறும்போது ஊதியக் கோரிக்கையும் சேர்ந்தே வரும். எனவே ஊதியம் என்ற வரியில் தொகையோடு தேதியையும் எழுதி, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் சேர்க்கச் சொல்கிறேன்.

‘அம்ஹாரிக் மொழி தெரிந்த மேலாளர்கள் நம்மிடம் இல்லை’, ‘உள்ளூர் வழக்கறிஞரை நியமிக்க வேண்டும்’ போன்ற வரிகளை நீக்குவது எளிது. முதலாவது நிறுவனத்தின் உட்குறை. இரண்டாவது எடுக்க வேண்டிய நடவடிக்கை. இரண்டுக்கும் வேறு பட்டியல்கள் உண்டு.

சுற்றுச்சூழல் தலைப்பின்கீழ் ‘பருவநிலை மாற்றம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, ஹவாசா ஏரியைப் பற்றிக் கேட்பேன். தண்ணீர் வெளியேற வழியில்லாத ஏரி அது. உள்ளே கலந்த கழிவு அங்கேயே தங்கும். அதனால்தான் பூங்காவில் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்திருக்கிறார்கள். 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைக் கண்ட திருப்பூர்க்காரர்களுக்கு அதன் செலவை விளக்கத் தேவையில்லை. துணியை இறக்குமதி செய்து தைக்க மட்டும் போகிறவர்களுக்கு இந்தக் காரணியின் எடை மிகக் குறைவு. சாயமேற்றலையும் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு முதலீட்டுக் கணக்கையே மாற்றக்கூடியது.