ஜெர்மன் தொலைக்காட்சியில் மொழியும் நாடும்

ஜெர்மனியில் வாங்கிய ஸ்மார்ட் தொலைக்காட்சியின் பட்டியல்கள் ஜெர்மன் மொழியில் இருப்பதால், புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் பலர் முதலில் தேடுவது மொழி அமைப்பைத்தான். எங்கள் வீட்டில் இருந்தது எல்ஜி தொலைக்காட்சி. ரிமோட்டில் பல்சக்கரக் குறியை அழுத்தி, Allgemein என்ற பகுதிக்குள் Sprache என்பதைத் தேர்ந்தால் (சில மாதிரிகளில் இடையில் System என்றொரு படி வரும்) மொழிகளின் பட்டியல் வரும். அதில் தமிழ் இல்லை, ஆங்கிலம் இருந்தது. மொழியை மாற்றியதால் ஒரு செயலியும் போகவில்லை, ஏனெனில் அது திரையில் தெரியும் எழுத்துகளை மட்டுமே மாற்றுகிறது.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கான செயலிகள் வேண்டுமென்று வீட்டில் பேச்சு எழுந்தபோதுதான் நாடு பற்றிய அமைப்பைத் தொட்டோம். அது Standort என்ற இடத்தில் தனியாக இருக்கிறது. அங்கே தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஜெர்மனிக்குப் பதில் இந்தியாவைக் குறித்ததும் தொலைக்காட்சி அணைந்து மீண்டும் எழுந்தது. எழுந்ததும் ஜெர்மன் அலைவரிசைகளின் செயலிகளைக் காணவில்லை. பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு பேசுவதற்காகப் பார்த்துவந்த நிகழ்ச்சிகளும் அவற்றோடு போயின.

இது பழுதன்று. செயலிக் கடை நாட்டுக்கு நாடு வேறு. ஒரு செயலியை எந்தெந்த நாடுகளில் வெளியிடுவது என்பதை அதன் உரிமையாளரே முடிவு செய்கிறார், படங்களின் ஒளிபரப்பு உரிமையும் பெரும்பாலும் நாடுவாரியாகவே விற்கப்படுகிறது. நாம் குறித்த நாட்டுக்குரிய பட்டியலை மட்டுமே தொலைக்காட்சி இறக்கிக் காட்டுவதால், அதில் இடம்பெறாதவை திரையிலிருந்து நீங்கிவிடுகின்றன.

இந்தியச் செயலிகள் கடையில் தோன்றியது உண்மைதான், ஆனால் அவற்றில் ஒன்றைத் திறந்தவுடன், இந்தச் சேவை உங்கள் பகுதியில் இல்லை என்ற அறிவிப்பே கிடைத்தது. கடை பார்ப்பது நாம் குறித்த நாட்டை. நிகழ்ச்சியை அனுப்பும் சேவையகம் பார்ப்பதோ நம் இணைய இணைப்பின் ஐபி முகவரியை, அது ஜெர்மனியைத்தான் காட்டும். ஆகவே ஒரு செயலி கடையில் தேடினாலும் வரவில்லையென்றால் பெரும்பாலும் நாட்டு அமைப்பே காரணம். வந்து, திறந்தபின் மறுத்தால் இணைப்பின் இருப்பிடமே காரணம் என்று கொள்ளலாம். இரண்டாவதற்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. வெளிநாட்டுப் பார்வையாளருக்கென்று சந்தா விற்கும் தமிழ்ச் சேவைகளை நாடுவதே நேரான வழி.

நாட்டை மறுபடி ஜெர்மனிக்கு மாற்றியதும் பழைய கடை திரும்பி வந்தது. எனினும் சில செயலிகளை மீண்டும் நிறுவி, கடவுச்சொல் கொடுத்து உள்நுழைய வேண்டியிருந்தது. ரிமோட்டால் எழுத்து எழுத்தாகத் தட்டுவதற்குப் பொறுமை வேண்டும்.

கூகுள் டிவி வைத்திருப்போருக்கு நிலைமை சற்று வேறு. அங்கே கடையின் நாடு கூகுள் கணக்கோடு இணைந்தது, அதை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். ஆகையால் ஊரில் தொடங்கிய கணக்கோடு வந்தவருக்கு, தொலைக்காட்சி ஜெர்மனியில் வாங்கியதாயினும் இந்தியக் கடையே திறக்கலாம்.