ஏக்கம் என் மேல் கிடக்கிறது

மொழிபெயர்ப்புக் கவிதைகளைச் செம்மைப்படுத்துவது என் வேலை. வருகிற பிரதிகளில் ஊரைவிட்டுப் போனவர்களின் கவிதைகளுக்குக் குறைவே இருக்காது. அவற்றில் வெல்ஷ் மொழியின் ‘ஹிரைத்’தோ போர்த்துக்கீசிய மொழியின் ‘சவுதாத்’தோ தலைகாட்டினால் போதும், பக்கத்தின் அடியில் நீளமாக ஒரு குறிப்பு முளைத்துவிடும். ‘இதற்கு இணையான சொல் வேறெந்த மொழியிலும் இல்லை’ என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். இந்தப் பேச்சு ஒன்றும் புதிதல்ல. போர்த்துக்கல் அரசர் துவார்த்தே 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார், லத்தீனிலும் சரி, தமக்குத் தெரிந்த பிற மொழிகளிலும் சரி, இதற்கு ஒப்பான சொல் இல்லை என்று.

நான் அந்தக் குறிப்பை அடித்துவிடுவேன். ‘ஏக்கம்’ என்று போட்டால் முக்கால்வாசி இடங்களில் வரி நின்றுவிடும். கவிதையில் உண்மையாகவே இழுபறி ஆவது அந்தப் பெயர்ச்சொல்லில் இல்லை. அது எந்த வினையோடு, எந்த உருபோடு வருகிறது என்பதில்தான்.

ஹிரைத்தை எடுத்துக்கொள்வோம். திரும்பிப் போகவே முடியாத வீட்டுக்கான ஏக்கம், ஒருவேளை இருந்திராத வீட்டுக்கானதும்கூட என்று இணையத்தில் விளக்கம் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெல்ஷ் பேசுகிறவர்களின் புழக்கத்தில் அது அவ்வளவு மர்மமான சொல் இல்லை. விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டு நினைப்பு வந்தாலும் ஹிரைத்தான், இறந்துபோனவரை நினைத்து வருந்தினாலும் ஹிரைத்தான். கவனிக்க வேண்டியது வாக்கிய அமைப்பு. அவர்கள் ‘நான் ஏங்குகிறேன்’ என்பதில்லை, ‘ஏக்கம் என் மேல் இருக்கிறது’ என்பார்கள். சளி பிடித்தாலும் பயம் வந்தாலும் இதே அமைப்புதான். எல்லாம் மேலே வந்து உட்காருகிறவை.

இது தெரிந்தால்தான் ஹிரைத் பற்றிய அந்தப் பழைய நாட்டுப்புறச் செய்யுள் பிடிபடும். எழுதியவர் யாரென்று தெரியாத வரிகள் அவை. தங்கம் தீரும், வெள்ளி தீரும், வெல்வெட்டும் பட்டும் தீரும், ஹிரைத் மட்டும் தீராது என்று ஓரிடத்தில் வரும். கடைசியில் பாடுகிறவர் அதோடு நேராகவே பேசத் தொடங்கிவிடுகிறார். எங்களுக்கு வந்த பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது: ‘ஏக்கம் என் நெஞ்சை வாட்டுகிறது, இரவெல்லாம் உறக்கமில்லை.’ பொருளில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மூலத்தில் நெஞ்சு வாடவில்லை. ஒரு கனமான ஆள் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டிருக்கிறார், அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்லி ஒருவர் கெஞ்சுகிறார்.

மொழிபெயர்த்த பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். ‘மேல்’ என்பதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தபோது குறள் நினைவுக்கு வந்தது: “மேனிமேல் ஊரும் பசப்பு.” அங்கேயும் பிரிவு உடம்பின் மேல்தான் ஏறி ஊர்கிறது.

“அப்போ பசப்புன்னே போட்டுடலாமா அக்கா?” என்றாள்.

வேண்டாம் என்றேன். பசப்பு என்றதும் தலைவனும் தலைவியும் வந்து நின்றுவிடுவார்கள், தோல் நிறம் மாறும், வேறொரு கவிதை ஆகிவிடும். சொல்லை விட்டுவிட்டு உருபை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. கடைசியில் அச்சுக்குப் போனது இது:

ஏக்கமே, ஏக்கமே, விலகிப் போ,
இவ்வளவு பாரமாய் என் மேல் கிடக்காதே;
கட்டில் ஓரமாய்க் கொஞ்சம் தள்ளிப் படு,
நானும் சற்றே கண்ணயர்கிறேன்.

‘தள்ளிப் படு’ அவள் கண்டுபிடித்தது. ஒரே பாயில் தம்பி தங்கையோடு படுத்து வளர்ந்த எவருக்கும் அந்த வரிக்குக் குறிப்பு தேவைப்படாது.

சவுதாத் நடந்துகொள்கிற விதமே வேறு. (பிரேசிலில் அதையே ‘சவுதாஜி’ என்பார்கள், எந்த ஊர்க் கவிஞர் என்று பார்த்துத்தான் எழுத்துக்கூட்ட வேண்டும்.) அது மேலே ஏறுவதில்லை. ஒருவரிடம் இருக்கும், ஒருவர் அதோடு இருப்பார். நெடுநாள் பார்க்காதவரைப் போய்ப் பார்த்தால் ‘சவுதாதைக் கொன்றேன்’ என்பார்கள். அன்றாடம் பேசுகிற பேச்சு அது, கவிதை நடையே இல்லை. இது தெரியாமல் ஒரு பிரதியில் வந்த ‘என் ஏக்கத்தைக் கொலை செய்தேன்’ என்பதைக் ‘கண்குளிரப் பார்த்தேன்’ என்று மாற்ற வேண்டியிருந்தது.

விந்தை என்னவென்றால், ஊரைவிட்டுப் போவது பற்றிப் போர்த்துக்கீசிய மொழியில் எழுந்த மிகப் புகழ்பெற்ற கவிதையில் இந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை. பிரேசிலின் மரன்யாவ் பகுதியில் பிறந்த கொன்சால்விஸ் ஜியாஸ், போர்த்துக்கலின் கொயிம்ப்ராவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 1843இல் எழுதிய ‘நாடு நீங்கியவன் பாட்டு’ அது. மொத்தம் 24 வரிகள். என் நாட்டில் பனைகள் இருக்கின்றன, அங்கே சபியா பாடுகிறது என்று தொடங்கும். பிரேசில் என்ற பெயரோ போர்த்துக்கல் என்ற பெயரோ வராது. வருவதெல்லாம் இங்கே, அங்கே. இங்கே கூவுகிற பறவைகள் அங்கே கூவுவதுபோலக் கூவுவதில்லை, அவ்வளவுதான் புகார். ஏக்கம் என்ற சொல் செய்ய வேண்டிய வேலையை ‘அங்கே’ செய்துவிடுகிறது. மூலத்தில் ‘அங்கே’ என்பது ‘லா’. அது ‘சபியா’வோடு இயைபாய் ஒலிப்பதால் பறவை பெயரைச் சொல்லும்போதே ஊரும் காதில் விழும்.

தமிழில் அந்த ஓசை கிடைக்காது. ஆனால் நம்மிடம் எதுகை இருக்கிறதே. இங்கே, அங்கே இரண்டையும் வரிகளின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ஒலி பறவையோடு சேராவிட்டாலும் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

இன்னொன்று, அடைமொழி. இந்தப் பாட்டில் அழகிய, இனிய, பசுமையான என்று புகழ்கிற அடைமொழி ஒன்றுகூட இல்லை. ‘அதிகம்’ என்ற சொல்தான் திரும்பத் திரும்ப வரும்: நம் வானில் விண்மீன்கள் அதிகம், நம் வெளிகளில் பூக்கள் அதிகம். முதல் படியில் ‘இன்குரல் சபியா’ என்று வந்திருந்தது. இன்குரலை எடுத்தேன். பனையை மட்டும் விட்டுவைத்தேன். மரன்யாவில் மலிந்த பாபசு மரத்தின் ஓலை தென்னை ஓலையைப் போல நீண்டிருக்கும், நம் பனை விசிறி ஓலை. தமிழில் பனை என்றதும் பலருக்கு யாழ்ப்பாணம் வந்துவிடுகிறது என்று மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். வந்தால் வரட்டும் என்று நினைத்தேன். கவிஞர் மரத்தின் வகையைச் சொல்லவில்லை, வாசிக்கிறவருக்குத் தன் மரம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

நாங்கள் உண்மையாக முட்டிக்கொண்டது கடைசிப் பத்தியில். அங்கே திரும்பிப் போகாமல் நான் சாக இறைவன் விடக்கூடாது என்று அதில் ஒரு வேண்டுதல் வருகிறது. இந்தக் கவிஞர் அதன்பின் பிரேசில் திரும்பி நெடுங்காலம் வாழ்ந்தவர். ஆனால் 1864இல் நோயாளியாக ஐரோப்பாவிலிருந்து வந்தபோது மரன்யாவ் கரையை நெருங்கிய கப்பல் உடைந்து இறந்துபோனார். அதை அடிக்குறிப்பில் போட்டே ஆக வேண்டும் என்றார் மொழிபெயர்ப்பாளர். போட்டால் இருபது வயதுப் பையனின் வேண்டுதலை எல்லோரும் மூழ்கியவனின் குரலில்தான் வாசிப்பார்கள் என்பது என் கட்சி. இரண்டு மெய்ப்புகள் வரை இழுத்தது. கடைசியில் கப்பல் செய்தி நூலின் பின்பகுதியில் உள்ள கவிஞர் குறிப்புக்குப் போனது, கவிதைப் பக்கத்தில் சபியா ஒரு பறவை என்கிற ஒற்றை வரி மட்டும் நின்றது.