வெட்டுப்பட்ட விரலும் ஒரு வெள்ளை உறையும்

அமெரிக்காவுக்கு வந்த மூன்றாவது வாரம் பல்கலைக்கழக இணையக் கணக்கைத் திறந்தபோது, கல்விக் கட்டணத்துக்குக் கீழே 1,240 டாலர் என்று தனியாக ஒரு வரி இருந்தது. மாணவர் மருத்துவக் காப்பீடு, இலையுதிர் பருவத்துக்கு. நான் அதைக் கேட்கவும் இல்லை, எங்கேயும் கையெழுத்துப் போடவும் இல்லை. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே அப்பா திருநெல்வேலியில் எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு மாணவர் பயணக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட்டோடு அதன் நகலும் பையில் இருந்தது.

இங்கே பல கல்லூரிகளில் நடைமுறை இதுதான். வெளிநாட்டு மாணவர் பதிவு செய்தவுடன் கல்லூரியின் காப்பீட்டுத் திட்டத்தில் தானாகவே சேர்க்கப்படுகிறார். வேண்டாம் என்றால் நாம்தான் குறித்த தேதிக்குள் வேவர், அதாவது விலக்கு, கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அதை அவர்கள் ஏற்கவும் வேண்டும். தேதி தாண்டினால் அந்தப் பருவத்துக் கட்டணம் நம் தலையில்தான். விசாவுக்காகத்தான் இந்தக் காப்பீடு என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். படிக்க வருபவர்களின் எஃப்-1 விசாவுக்கு மத்திய அரசு அப்படி விதி எதுவும் வைக்கவில்லை. நிபந்தனை போடுவது பல்கலைக்கழகம், சில இடங்களில் மாநிலச் சட்டம். பரிமாற்றத் திட்டங்களில் ஜே-1 விசாவோடு வருபவர்களுக்குத்தான் மத்திய விதியே உண்டு. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பு இருக்க வேண்டும், காப்பீடு கட்டத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய டிடக்டிபிள் 500 டாலரைத் தாண்டக் கூடாது. கூட வரும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே விதிதான்.

எனக்கு வேவர் கிடைத்துவிடும் என்று நம்பி அப்பா எடுத்த பாலிசியை ஏற்றினேன். நான்கு நாளில் மறுத்து மின்னஞ்சல் வந்தது. அதில் சொன்ன காரணங்களைப் பாலிசியோடு வைத்துப் படித்துப் பார்த்தபோதுதான் நான் எதைக் கையில் வைத்திருந்தேன் என்று புரிந்தது.

முதல் காரணம், மொத்தக் காப்பு 1,00,000 டாலரோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பல்கலை உச்சவரம்பே இருக்கக் கூடாது என்கிறது. இரண்டாவது, பழைய நோய்க்குக் காப்பு இல்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் எங்கும் போவதில்லை. அந்தப் பாலிசியில் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அதற்குப் பணம். மாதாந்திர மருந்துக்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் ஒரு பைசா வராது. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குள் வரும் மாணவர் திட்டங்கள் பழைய நோய் என்று சொல்லி மறுக்க முடியாது. எங்கள் பல்கலைத் திட்டம் அந்த வகை. மூன்றாவது, மனநல சிகிச்சையைப் பாலிசி போதுமான அளவு ஏற்கவில்லை. நான்காவதைத்தான் நான் யோசித்தே பார்க்கவில்லை. வளாகம் இருக்கும் ஊரிலேயே அந்தக் காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களும் மருத்துவமனையும் இருக்க வேண்டும், அவர்களே நேரடியாகக் காப்பீட்டுக்குப் பில் அனுப்ப முடிய வேண்டும். என் பாலிசியில் பல நேரங்களில் நானே முதலில் கட்டிவிட்டு அப்புறம் ரசீது அனுப்பிப் பணம் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

வேவர் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், கணவர் அல்லது மனைவியின் அமெரிக்க வேலையிடக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு; இங்கே வேலை பார்க்கும் பெற்றோரின் காப்பீட்டில் 26 வயதுவரை இருப்பவர்களுக்கு; சொந்த நாட்டு அரசிடமிருந்து உதவித்தொகையோடு காப்பீடும் பெறும் மாணவர்களுக்கு. இணையத்தில் மலிவாக விற்கும் மாணவர் காப்பீடுகளைச் சில பல்கலைகள் ஏற்கின்றன, சில அடியோடு ஏற்பதில்லை. அதனால் வாங்கும் முன் வளாகத்தின் வேவர் பக்கத்தில் உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடுங்கள். நான் கட்டணத்தைக் கட்டினேன், அப்பா அங்கே பாலிசியை ரத்து செய்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சாயங்காலம். வறுவலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். காய் வழுக்கி, கத்தி இடது ஆள்காட்டி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. துண்டைச் சுற்றி அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. வளாக மருத்துவ மையம் ஞாயிறு மூடியிருக்கும். அறைத் தோழன் பக்கத்து மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போனான். மூன்று மணி நேரக் காத்திருப்பு, நான்கு தையல், ஒரு டெட்டனஸ் ஊசி. காப்பீட்டு அட்டையை நகல் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், அன்றைக்கு ஒரு டாலர்கூடக் கேட்கவில்லை. அத்தோடு விஷயம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மார்ச் நடுவில் இரண்டு பில் வந்தன. மருத்துவமனையிடமிருந்து 1,920 டாலர். நான் கேள்விப்பட்டே இராத ஒரு டாக்டர் குழுவிடமிருந்து 680 டாலர். எமர்ஜென்சியில் இடத்துக்கும் கருவிக்கும் மருத்துவமனை ஒரு பில் போடும், தையல் போட்ட டாக்டர் தனியாக ஒரு பில் போடுவார். அது இங்கே சாதாரணம், ஏமாற்று இல்லை. காப்பீட்டுத் தளத்தில் நுழைந்து பார்த்தால் இரண்டுக்கும் நேரே திட்டம் கட்டியது 0 என்று இருந்தது. கை நடுங்கியது. மொத்தம் 2,600 டாலர், என் ஐந்து மாத வாடகைக்கு மேல்.

எங்கள் துறையில் கோவில்பட்டியிலிருந்து வந்த ஒரு அக்கா பிஎச்டி கடைசி வருடம். பில்களைக் காட்டினேன். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, இன்சூரன்ஸ்ல இருந்து லெட்டர் ஏதாவது வந்துச்சா? வெள்ளைக் கவர், விளம்பரம் மாதிரி இருக்கும்.”

வந்திருந்தது. பீட்சா கூப்பன்களோடு அலமாரியின் மேல் மூன்று வாரமாகப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே ஒரே ஒரு தாள். காயம் எங்கே ஏற்பட்டது, எப்படி, வாகன விபத்தா, வேலையிடத்திலா, வேறு யாராவது பொறுப்பா, உங்களுக்கு வேறு காப்பீடு உண்டா. அவ்வளவுதான் கேள்விகள். காயம் என்று பில் வந்தாலே காப்பீட்டு நிறுவனம் பல சமயம் இதைக் கேட்கும். கார் மோதியிருந்தால் கார் காப்பீடு கட்ட வேண்டும், வேலையில் அடிபட்டிருந்தால் முதலாளியின் காப்பீடு கட்ட வேண்டும். நான் பதில் போடாததால் கிளெய்மை அப்படியே நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனையோ பணம் வராததைப் பார்த்து முழுத் தொகையையும் எனக்கு அனுப்பிவிட்டது.

இதை எப்படிக் கண்டுகொள்வது என்று அக்கா அன்றைக்குக் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு கிளெய்முக்கும் காப்பீட்டு நிறுவனம் இ.ஓ.பி. என்று ஒரு தாள் அனுப்பும். ‘இது பில் அல்ல’ என்று அதன் மேலேயே போட்டிருக்கும். கட்டங்களைப் பார்த்துப் பயப்படாமல் அடியில் உள்ள குறிப்பு எண்ணைப் படிக்க வேண்டும். என் தாளில், உறுப்பினரிடமிருந்து தகவல் வரவில்லை என்று இருந்தது. இது காப்பு மறுப்பு இல்லை, தகவலைக் கொடுத்தால் சரியாகிவிடும். இந்தச் சிகிச்சைக்குக் காப்பு இல்லை என்றோ மருத்துவத் தேவை இல்லை என்றோ இருந்தால்தான் மேல்முறையீடு. அதற்கு 180 நாள் அவகாசம் உண்டு.

அன்றே இணையத்தில் பதில் கொடுத்தேன், ஐந்து நிமிடம் ஆனது. அப்புறம் இரண்டு பில் அலுவலகங்களுக்கும் போன் போட்டு, கிளெய்ம் மறுபடி பரிசீலனையில் இருக்கிறது, கணக்கை வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள் என்றேன். மருத்துவமனை 45 நாள் நிறுத்தியது. பேசியவரின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொண்டேன், அதுவும் அக்கா சொன்னதுதான்.

மூன்று வாரத்தில் புது இ.ஓ.பி. வந்தது. மருத்துவமனை கேட்டது 1,920. ஆனால் காப்பீட்டோடு அவர்கள் போட்ட ஒப்பந்த விலை 1,150 மட்டுமே. மீதி 770 டாலரை, காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள, அதாவது நெட்வொர்க்குக்குள் இருக்கும் மருத்துவமனை என்னிடம் கேட்க முடியாது. அந்த 1,150-இல் முதல் 250 என் டிடக்டிபிள், அதாவது வருடத்தில் முதலில் நான் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. எஞ்சிய 900-இல் 20 சதவீதம் என் பங்கு, 180. ஆக மருத்துவமனைக்கு 430. டாக்டர் குழுவின் 680, ஒப்பந்த விலையில் 350 ஆனது. டிடக்டிபிள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் 20 சதவீதம் மட்டும், 70. மொத்தம் 2,600 என்று வந்தது 500-இல் நின்றது.

டாக்டர் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்திருந்தால் என்ன ஆகும் என்று அப்பா போனில் கேட்டார். 2022 ஜனவரியிலிருந்து ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. எமர்ஜென்சியில் யார் பார்த்தாலும் நெட்வொர்க் அளவுக்கான பங்கைத்தான் நோயாளியிடம் வாங்கலாம். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அதில் வராது.

அந்த 500-ம்கூடத் தேவைப்பட்டிருக்காது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு மைலில் சின்னக் காயங்களை உடனே பார்க்கும் ஓர் அர்ஜன்ட் கேர் கிளினிக் இரவு எட்டு மணிவரை திறந்திருந்தது. இந்த மாதிரித் தையலை அவர்களே போடுவார்கள். எங்கள் திட்டத்தில் அங்கே 40 டாலர் கட்டினால் போதும், டிடக்டிபிள் கணக்கே வராது. அட்டையின் பின்பக்கம் 24 மணி நேர நர்ஸ் எண் இருந்தது. விரலை அழுத்திக்கொண்டே அதற்குப் போன் போட்டிருந்தால் எங்கே போகலாம் என்று சொல்லியிருப்பார்கள். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், தலையில் பலத்த அடி என்றால் எதையும் யோசிக்காமல் எமர்ஜென்சிதான். மற்றதற்கு முதலில் வளாக மையம், அது மூடியிருந்தால் அர்ஜன்ட் கேர். தையலை வளாக மையத்தில்தான் பிரித்தார்கள், ஒன்றும் வாங்கவில்லை.

70 டாலரை உடனே கட்டினேன். 430-க்கு மருத்துவமனையிடம் தவணை கேட்டேன். வட்டி இல்லாமல் ஐந்து மாதம், மாதம் 86 என்று ஒப்புக்கொண்டார்கள். லாப நோக்கில்லாத மருத்துவமனைகள் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டணச் சலுகைக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் பில் வந்து 240 நாள்வரை விண்ணப்பிக்கலாம். அது எனக்குத் தவணை பேசி முடித்த பிறகுதான் தெரிய வந்தது. இன்னும் பெரிய பில் வந்திருப்பவர்கள் தவணை பேசும் முன்பே இந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் திட்ட வருடம் ஆகஸ்ட் நடுவில் முடிந்து, டிடக்டிபிள் மறுபடி 250-இல் தொடங்கும். அந்த வருடத்துக்கானதைத்தான் விரல் தீர்த்துவிட்டதே. அதனால் வீசிங்குக்காக டாக்டர் எழுதிக்கொடுத்து நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த நுரையீரல் பரிசோதனையை ஜூலையிலேயே செய்துகொண்டேன். ஒப்பந்த விலை 210, என் பங்கு 42. செப்டம்பரில் போயிருந்தால் 210-ஐயும் நானே கட்டியிருப்பேன்.